டிரா கேட்க வேண்டிய நேரம்

1971ஆம் ஆண்டு பியூனஸ் அயர்ஸ் நகரில் பாபி ஃபிஷரும் டிக்ரான் பெட்ரோசியனும் ஆடினார்கள். உலகப் பட்டத்துக்கு ஸ்பாஸ்கியை எதிர்த்து யார் ஆடுவது என்பதை முடிவு செய்யும் போட்டி அது. முதல் இரண்டு ஆட்டங்களில் ஆளுக்கு ஒன்று வென்றிருந்தார்கள். மூன்றாவது ஆட்டத்தில் கறுப்புக் காய்களோடு ஆடிய பெட்ரோசியனின் கை நன்றாகவே ஓங்கியிருந்தது. ஆனால் அந்த ஆட்டம் டிராவில் முடிந்தது. எப்படி முடிந்தது என்பதைத்தான் இன்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கப்போகிறோம்.

முப்பதாவது நகர்த்தலில் ஃபிஷர் ராணியை ஈ-2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். பெட்ரோசியன் தன் ராணியை ஈ-5க்கு நகர்த்தினார். ஃபிஷரின் ராணி ஹெச்-5க்குப் போனது. பெட்ரோசியனின் ராணி பழைய எஃப்-6 கட்டத்துக்கே திரும்பியது. ஃபிஷரின் ராணியும் ஈ-2க்கு வந்தது. பலகையில் அதே நிலை, இரண்டாவது முறை. இப்போது பெட்ரோசியன் ராணியைத் தொடவில்லை. டி-5இல் இருந்த யானையை ஈ-5க்கு நகர்த்தினார். ஃபிஷர் ராணியை டி-3க்கு எடுத்துப் போனார். யானை மறுபடி டி-5க்கு வந்தது. ஃபிஷரின் ராணி இன்னொரு முறை ஈ-2க்குப் போனால் அதே நிலை மூன்றாவது முறையாக வந்துவிடும். ஆட்டம் அங்கேயே டிரா.

முதல் தடவை கறுப்பு ராணி போய்த் திரும்பியது, அடுத்த தடவை யானை போய்த் திரும்பியது. ஆகவே நகர்த்தல்கள் திரும்பி வரவில்லை, நிலைதான் திரும்பி வந்தது. விதி கேட்பதும் அதைத்தான். ஒரே காய்கள் ஒரே கட்டங்களில் நிற்க வேண்டும், நகர்த்தும் முறை அதே ஆட்டக்காரருடையதாக இருக்க வேண்டும், அவை செய்யக்கூடிய நகர்த்தல்களும் அப்படியே இருக்க வேண்டும். மூன்று முறையும் தொடர்ச்சியாக வர வேண்டும் என்பதுகூட இல்லை.

செய்யக்கூடிய நகர்த்தல்கள் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 1986இல் டில்பர்க் நகரில் கார்ப்போவும் மைல்ஸும் ஆடிய ஆட்டத்தில் ஒரு நிலை மூன்று முறை வந்தது போலத் தெரிந்தது. ஆனால் முதல் முறை வந்தபோது மைல்ஸுக்கு ராணிப் பக்கம் காஸ்லிங் செய்யும் உரிமை இருந்தது. அந்தப் பக்கத்து யானை ஒருமுறை வெளியே போய்த் திரும்பியதும் உரிமை போய்விட்டது. கண்ணுக்கு மூன்று முறை, கணக்குக்கு இரண்டே முறை.

சரி, கேட்பது எப்படி? நகர்த்தும் முறை உங்களுடையதாக இருக்க வேண்டும். உங்கள் அடுத்த நகர்த்தலால்தான் நிலை மூன்றாவது முறை வரப்போகிறது என்றால், காயைத் தொடாதீர்கள். நகர்த்தலைத் தாளில் எழுதுங்கள், கடிகாரத்தை நிறுத்துங்கள், நடுவரிடம் சொல்லுங்கள். காயைத் தொட்டுவிட்டால் அந்த முறைக்கான உரிமை போயிற்று. சில இணையதளங்களில் மூன்றாவது முறை வந்ததும் ஆட்டம் தானாக முடிந்துவிடுகிறது. அதில் பழகிய பிள்ளைகள் போட்டி அரங்கிலும் யாரோ வந்து சொல்வார்கள் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரே நிலை ஐந்து முறை வந்தால்தான் நடுவர் தாமாகத் தலையிடுவார்.

கேட்ட கோரிக்கையைத் திரும்பப் பெற முடியாது என்பதை மறக்காதீர்கள். அது டிரா அழைப்பாகவும் எடுத்துக்கொள்ளப்படும். கணக்கு தவறாகவே இருந்தாலும் எதிராளி ஒப்புக்கொண்டால் ஆட்டம் முடிந்தது. ஆகவே கடிகாரத்தில் கை வைப்பதற்கு முன்பே, இந்த நிலையில் வெற்றிக்கு முயல்வது நானா, அவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள்தான் என்றால் கேட்காதீர்கள், வேறு நகர்த்தல் தேடுங்கள். கை ஓங்கியவர்கள் நேரம் சேர்ப்பதற்காக ஒரு நிலையை இரண்டு முறை வரவிடுவது வழக்கம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முப்பது விநாடி கூடும் ஆட்டத்தில் அது பயன்தரும். ஆனால் இரண்டாவது முறைக்குப் பிறகு எல்லை வந்துவிட்டது. எதிராளிக்குப் பாதை திறந்திருக்கிறது. பெட்ரோசியன் அந்த எல்லையைத்தான் தாண்டினார்.

ஐம்பது நகர்த்தல் விதியின் குணம் வேறு. இரண்டு பக்கமும் தலா ஐம்பது நகர்த்தல்கள் ஆடியும் ஒரு சிப்பாய்கூட நகரவில்லை, ஒரு காயும் வெட்டப்படவில்லை என்றால் டிரா கேட்கலாம். இது பெரும்பாலும் கடைக்கட்டத்தில் வரும். யானையும் மந்திரியும், அதாவது பிஷப்பும், ஒரு பக்கம். எதிரில் வெறும் யானை. பெரும்பாலான நிலைகளில் இது டிராதான், ஆனால் காப்பவர் பல தடவை தவறிவிடுகிறார். 1989இல் பெல்கிரேடில் நிகோலிச்சும் அர்சோவிச்சும் இதே காய்களோடு 269 நகர்த்தல்கள் வரை ஆடினார்கள். அப்போது இந்தக் கடைக்கட்டத்துக்கு மட்டும் எல்லை நூறாக நீட்டப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட விதிவிலக்குகள் 1992இல் நீக்கப்பட்டன. மிகச் சிறந்த ஆட்டத்திலும் சில நிலைகளில் வெற்றிக்கு 59 நகர்த்தல் வரை தேவைப்படும் என்று கணினி காட்டியிருக்கிறது. ஆனாலும் ஐம்பதே போதும் என்பதுதான் இன்றைய விதி. அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். காப்பவரின் பொறுமைக்கும் ஒரு வரம்பு வேண்டும்.

இதில் எண்ணிக்கைதான் உயிர். 61ஆவது நகர்த்தலில் வெள்ளை, பலகையில் இருந்த கடைசிச் சிப்பாயை வெட்டியது என்று வையுங்கள். அந்த வரிக்குப் பக்கத்தில் தாளில் ஒரு கோடு போடுங்கள். கறுப்பு தன் 61ஆவது நகர்த்தலிலிருந்து எண்ணிக்கையைத் தொடங்க வேண்டும். வெள்ளை 62இலிருந்து தொடங்கும். ஆக, கறுப்பின் ஐம்பது 110இல் முடியும், வெள்ளையின் ஐம்பது 111இல் முடியும். வெள்ளை 111ஐ ஆடி முடித்தவுடன் கறுப்பு கேட்கலாம். ஒரு நகர்த்தல் முன்னால் கேட்டுத் தோற்றவர்களும் உண்டு, கேட்கவே மறந்து அடுத்த சில நகர்த்தல்களில் யானையை இழந்தவர்களும் உண்டு.

திரும்ப வரும் நிலையில் ஒரு முறை தவறவிட்டால், அந்த நிலை மறுபடி வர வேண்டும். ஐம்பதில் அப்படி இல்லை. இன்று கேட்கவில்லை என்றால் அடுத்த முறையும் கேட்கலாம், வெட்டோ சிப்பாய் நகர்த்தலோ நடக்காதவரை. எழுபத்தைந்தில் ஆட்டம் தானாக முடியும். ஆனால் காப்பவர் எழுபத்தைந்து வரை காத்திருப்பதில் எந்த லாபமும் இல்லை. ஐம்பது முடிந்த கணமே கேட்பதுதான் சரி. கை ஓங்கியவரின் வேலை நேர் எதிர். ஒரு சிப்பாய் மீதமிருந்தால் அதை அவசரப்பட்டு நகர்த்தாமல், நாற்பதைத் தாண்டும்வரை கையில் வைத்திருக்க வேண்டும். அதை ஒரு கட்டம் தள்ளினால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பும், புதிதாக ஐம்பது கிடைக்கும்.

கடைசியாக, தயங்குகிறவர்களுக்கு. நிலை உங்களுக்கு மோசமாக இருக்கிறது, மூன்று முறை வந்துவிட்டதா என்பதில் மட்டும் சந்தேகம் என்றால், கேட்டுவிடுங்கள். நடுவர் தாளைச் சரிபார்ப்பார். கோரிக்கை சரி என்றால் அரைப் புள்ளி உங்களுடையது. தவறு என்றால் எதிராளியின் கடிகாரத்தில் இரண்டு நிமிடம் கூடும், எழுதிய நகர்த்தலை நீங்கள் ஆடியாக வேண்டும், ஆட்டம் தொடரும். அவ்வளவுதான் தண்டனை.