அப்பாவின் 25 பக்கம்

இன்னைக்கு எபிசோட் நான் எழுதின ஒரு சின்ன நிரலைப் பத்தி. அது ரொம்ப நல்லா வேலை செஞ்சது. அதனாலேயே எங்க அப்பா படிக்கிறதை நிறுத்திட்டாரு.

எங்க ஊர் விருத்தாசலம். விருத்தகிரீஸ்வரர் கோயிலுக்கு அடுத்து எங்க ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பீங்கான்தான். பொம்மை, அகல் விளக்கு, கரண்ட் ஃப்யூஸுக்கான பீங்கான் கட்டை எல்லாம் செய்யற சின்னச் சின்ன யூனிட் நிறைய உண்டு. அப்பா அப்படி ஒரு யூனிட்ல சூளை பாத்துக்கிறவர். நூலகத்துல புத்தகம் எடுத்துப் படிக்கிற பழக்கம் அவருக்கு ரொம்ப வருஷமா இருக்கு. போன் வந்த அப்புறம் அது குறைஞ்சுபோச்சு. "ஒரு நாளைக்கு இத்தனை பக்கம்னு எனக்கு ஞாபகப்படுத்துற மாதிரி ஏதாவது செஞ்சு குடுடா"ன்னு அவரே கேட்டாரு.

ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து எழுதினேன். தினமும் ராத்திரி 9 மணிக்கு ஒரு மெசேஜ் போகும்: "இன்னைக்கு 25 பக்கம் படிச்சீங்களா?" அவர் எண்ணை டைப் பண்ணணும். தொடர்ந்து எத்தனை நாள் ஆச்சுன்னு ஒரு கணக்கு ஓடும். ஞாயித்துக்கிழமை காலையில வாரச் சுருக்கம் வரும்.

முதல் வாரச் சுருக்கம் இப்படி வந்தது: 25, 25, 25, 25, 25, 25, 25. மொத்தம் 175. நான் சந்தோஷமா நண்பர்கள்கிட்ட ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் காட்டினேன்.

அப்புறம் ஊருக்குப் போனப்ப அந்தப் புத்தகத்தை எடுத்துப் பாத்தேன். நடுவுல அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட். அது இருந்தது 61ஆம் பக்கத்துல.

கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாரு: "சூளை போட்டிருக்கிற நாள்ல ராத்திரி பூரா அங்கதான் இருப்பேன். ஒன்பது மணிக்கு உன் மெசேஜ் வரும். இல்லைன்னு போட்டா கணக்கு மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்குது. சரி போகட்டும்னு 25ன்னு போட்டேன். அப்புறம் பொய்க் கணக்கு எழுதிட்டு அந்தப் புத்தகத்தைத் தொடவே ஒரு மாதிரியா இருந்துச்சு."

தப்பு அவர்மேல இல்ல, என் டிசைன்ல. அதை மூணு இடத்துல மாத்தினேன்.

முதல்ல, கேள்வியை மாத்தினேன். "எத்தனை பக்கம் படிச்சீங்க"ன்னு கேட்டா, பதில் இலக்கை நோக்கியே சாயும். இப்போ "எந்தப் பக்கத்துல இருக்கீங்க"ன்னு கேக்குது. நேத்து 61, இன்னைக்கு 83ன்னா, 22 பக்கம்னு நிரலே கழிச்சுக்கும். ரெண்டு நாள் எதுவும் போடலைன்னாலும் மூணாவது நாள் ஒரு எண் போட்டா கணக்கு தானா சரியாயிடும். பஸ் டிக்கெட்டும் போனும் ஒரே எண்ணைச் சொல்லும். உங்க ஆப்ல தினமும் ஒரே எண் வந்துட்டிருந்தா சந்தேகப்படுங்க. உண்மையா படிக்கிறவங்க கணக்கு 18, 0, 31ன்னு மேடும் பள்ளமுமாத்தான் இருக்கும்.

அடுத்தது, இலக்கு. 25ங்கிறது நான் சும்மா போட்ட எண். இப்போ அது தினமும் புதுசா கணக்காகுது:

```python
paakki = kadaisi_pakkam - ippo_pakkam
ilakku = math.ceil(paakki / padikkura_naal)
if ilakku > 30:
    ask_new_date()
```

ஒரு உதாரணம். 266 பக்கம் பாக்கி, படிக்கக்கூடிய நாள் 14. அப்போ நாளைக்கு 19 பக்கம். மூணு நாள் விட்டுப்போச்சுன்னு வைங்க. விட்டதை எல்லாம் நாலாவது நாள் தலையில கட்டினா 76 பக்கம். யாரும் அன்னைக்குப் புத்தகத்தைத் திறக்கவே மாட்டாங்க. அதையே மிச்சம் இருக்கிற 11 நாளுக்கும் பிரிச்சா நாளைக்கு 25தான். இதை அப்பாகிட்ட விளக்கினப்ப அவர் சிரிச்சாரு. "சூளையில சூட்டை அவசரமா ஏத்தினா சரக்கு வெடிச்சிடும்டா. இது தெரியாமலா முதல்ல எழுதின?"

கடைசி வரியில இருக்கிற 30 எங்கேர்ந்து வந்ததுன்னா, அவருக்கு ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய ரெண்டு நிமிஷம் ஆகுது. 30 பக்கம்னா ஒரு மணி நேரம். அதுக்கு மேல அவருக்கு நேரம் கிடையாது. அதனால இலக்கு 30ஐத் தாண்டினா நிரல் இலக்கை ஏத்தாது. "தேதியைத் தள்ளலாமா?"ன்னு கேக்கும். அதாவது, நூலகத்துல புதுப்பிச்சுக்கோங்கன்னு அர்த்தம்.

மூணாவது, நேரம். சூளை போடற நாளை அவரே முன்கூட்டி குறிச்சு வைக்கிறாரு. அன்னைக்கு மெசேஜ் போகாது, அந்த நாள் `padikkura_naal` கணக்குலயும் வராது. இன்னொரு சின்ன விஷயம்: ராத்திரி 1 மணிக்கு சூளைப் பக்கத்துல உக்காந்து 10 பக்கம் படிச்சா அது எந்த நாள்? கம்ப்யூட்டருக்கு அடுத்த நாள். அவருக்கு இன்னும் இன்னைக்குத்தான். அதனால நாள் முடியறதை நள்ளிரவுலேர்ந்து விடிகாலை 4 மணிக்கு மாத்தினேன். தொடர்ச்சிக் கணக்கை அடியோட எடுத்துட்டேன்.

இப்போ வாரச் சுருக்கம். இதுல நான் பண்ண தப்பு கண்ணுக்கே தெரியல. ஒரு வாரம் அவர் படிச்சது 22, 0, 0, 18, 27, 0, 31. மொத்தம் 98. சராசரி எவ்வளவு? படிச்ச நாலு நாளால வகுத்தா 24.5. ஏழு நாளால வகுத்தா 14. ரெண்டுமே சரி, ஆனா ரெண்டும் வேற வேற கேள்விக்கான பதில். "உக்காந்தா எவ்வளவு படிப்பாரு?"ன்னா 24.5. "புத்தகம் எப்போ முடியும்?"னா 14, ஏன்னா சும்மா போன நாளும் காலண்டர்ல ஓடிட்டுத்தான் இருக்கு. நான் முதல்ல முடியற தேதிக்கு 24.5ஐப் போட்டிருந்தேன். 364 பக்கப் புத்தகத்துல 98 போக 266. அதை 24.5ஆல வகுத்தா 11 நாள்ல முடியும்னு வந்தது. 14ஆல வகுத்தா 19 நாள். நடுவுல எட்டு நாள் வித்தியாசம். நூலகத்துக்கு நாள் கடந்துபோகிறது இந்த எட்டு நாள்லதான்.

இப்போ சுருக்கம் மூணே வரி: இந்த வாரம் எந்தப் பக்கத்துலேர்ந்து எந்தப் பக்கம் வரைக்கும், எத்தனை நாள் படிச்சீங்க, இதே வேகத்துல எந்தத் தேதி முடியும். வரைபடம் இல்ல, பாராட்டும் இல்ல.

ஒரு குறை பாக்கி இருக்கு. பக்கம்ங்கிறது நல்ல அளவுகோல் இல்ல. கவிதைத் தொகுப்புல 20 பக்கமும் நெருக்கி அச்சடிச்ச நாவல்ல 20 பக்கமும் ஒண்ணா? ஜெயமோகனோட வெண்முரசு 2014 ஜனவரியில ஆரம்பிச்சு 2020 ஜூலை வரைக்கும் இணையத்துல வந்தப்ப, அதைத் தொடர்ந்து படிச்சவங்களுக்கு அளவு ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம். நிறுத்த வேண்டிய இடத்தைக் கதையே சொல்லிடும். அதைப் பாத்து நானும் ஒண்ணு சேத்தேன். அத்தியாயம் முடியற பக்கங்களை முதல்லயே குடுத்துட்டா, இலக்குலேர்ந்து அஞ்சு பக்கத்துக்குள்ள ஒரு அத்தியாயம் முடிஞ்சா அதையே அன்னைய இலக்கா வெச்சுக்கும்.

போன ஞாயித்துக்கிழமை அப்பாவுக்குப் போன சுருக்கம்: 212லேர்ந்து 259. மூணு நாள். அந்த 175ல பாதி கூட இல்ல. அதை அவர் எனக்கு ஃபார்வர்ட் பண்ணி, கீழ ஒரு வரி எழுதியிருந்தாரு: "டிக்கெட்டைச் சரிபாத்துட்டேன். 259தான்."

அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.