நாடி பார்த்த பிறகே மாத்திரை

என் அத்தைக்கு இருதயத்திற்காகப் பிசோபுரோலோல், பெரிண்டோபிரில் என இரண்டு மாத்திரைகள். வார்டில் தாதி ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணினார், 52. பிசோபுரோலோல் துடிப்பைக் குறைக்கும் மருந்து. 60-க்குக் கீழே இருந்ததால் கொடுக்காமல் மருத்துவரிடம் கேட்டார். அவர் மருந்தின் அளவைக் குறைத்தார். 'மாத்திரையைத் தர மாட்டேங்கறாளே' என்று அத்தை முணுமுணுத்தது வேறு கதை!

அதற்காக வீட்டில் நாமாகவே திடீரென நிறுத்தினால் துடிப்பு எகிறி நெஞ்சுவலி, மாரடைப்புகூட வரலாம்.

பெரிண்டோபிரிலுக்கு இரத்த அழுத்தத்தோடு பொட்டாசியமும் சிறுநீரகமும் பார்க்க வேண்டும். வறட்டு இருமல் விடாவிட்டால் இருமல் மருந்து தேடாதீர்கள்; மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்று மாத்திரை உண்டு. உதடோ நாக்கோ வீங்கினால் அடுத்த மாத்திரையைத் தொடாதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.