மழை இரவில் நெஞ்சு படபடத்தால்

(பிள்ளைக் காம்பராவில் நடந்த கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



தகரத்தில் மழை விழ ஆரம்பித்ததுமே நித்திரை போய்விடுது என்று எங்களிடம் சொல்பவர்கள் பலர். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் யாரும் மறக்கவில்லை. கீழ்ப் பிரிவில் ஓர் அக்கா இருக்கிறார். இடம் பார்த்த அதிகாரிகள் அவரின் லயம் ஆபத்தான இடத்தில் இல்லை என்று சொல்லியும், மழை என்றால் ராத்திரி ஒரு மணிக்கு எழும்பி உட்கார்ந்து விடுவார். நெஞ்சு அடிக்கும், தாடை இறுகும். காலையில் கூடையை மாட்டும்போதே தோள் கல்லு மாதிரி இருக்கும்.

பயம் வந்தால் உடம்பு ஓடுவதற்குத் தயாராகிறது. இதயம் வேகமாகும், தசை முறுக்கும். ஓட வேண்டிய நேரத்தில் அது நல்லதுதான். ஓடத் தேவையில்லாத இரவிலும் அது அடங்காமல் நிற்பதுதான் தொல்லை. இதயத்துக்கு நாம் உத்தரவு போட முடியாது. தசைக்கும் மூச்சுக்கும் போடலாம். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க டொக்டர் 1929இல் இதைப் பற்றிப் புத்தகமே எழுதினார்.

பாயில் படுத்துக்கொண்டு வலது கையை முஷ்டியாக ஐந்து விநாடி இறுக்குங்கள். பிறகு சட்டென்று விட்டுவிட்டு, இருபது முப்பது விநாடி அந்தத் தளர்ச்சியைக் கவனியுங்கள். இப்படியே மற்றக் கை, தோள், முகம், வயிறு, கால் என்று போக வேண்டும். நோவுள்ள இடத்தை இறுக்க வேண்டாம், விட்டுவிடுங்கள். முடிந்ததும் மூக்கால் நாலு எண்ணும் வரை மூச்சை எடுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். நிமிஷத்துக்கு ஆறு மூச்சு வரும். மூச்சு வெளியே போகும்போது இதயம் கொஞ்சம் மெதுவாகும், அதனால்தான் விடுவதை நீட்டுகிறோம்.

அக்கா முதலில் பிழையாகத்தான் செய்தார். பெரிய பெரிய மூச்சாக இழுத்ததில் தலை சுற்றி, விரல் விறுவிறுத்தது. அளவுக்கு மிஞ்சி மூச்சு வாங்கினால் அப்படித்தான் ஆகும். சின்ன மூச்சு, நீண்ட விடுகை என்று சொன்னோம். படபடப்பு வந்த பிறகு தொடங்காமல், தினமும் மாலையில் பழகவும் சொன்னோம். இரண்டு மூன்று கிழமை போனது. இப்போதும் மழைக்கு முழிப்பு வருகிறது, ஆனால் அரை மணியில் திரும்பத் தூங்குகிறார். பயம் போகவில்லை, அவரே சொல்கிறார்.

சிலருக்குக் கண்ணை மூடி உடம்பைக் கவனித்தால் பயம் கூடும். அவர்கள் கண்ணைத் திறந்து நிறுத்திவிடலாம். நகை அடகு வட்டியும், குடித்துவிட்டு அடிக்கிற புருஷனும் மூச்சால் தீராது. அதற்கு எங்களிடம் வந்து பேசுங்கள். நெஞ்சு வலி கைக்குப் பரவி வியர்த்தால் பயிற்சி வேண்டாம், 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. தரையில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வருகிற ஊற்று, இதில் எதைக் கண்டாலும் படுத்து மூச்சு எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறுங்கள். அந்தப் படபடப்பு உண்மையான படபடப்பு.

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு பாய் கொண்டு வாருங்கள், செய்து காட்டுகிறோம்.