மூலமா, வெடிப்பா?

நேயர்களே, சபையில் பேசக் கூசும் பொருளொன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். வானொலியில் பேசுபவன் முகம் தெரியாதென்பது எனக்கு ஒரு வசதி.

நான் தலைமையாசிரியப் பணியினின்று ஓய்வு பெற்ற மறு ஆண்டு, மலங்கழிக்கையில் கண்ணாடிச் சில்லால் கீறியது போல் வலித்தது. மலத்தின்மேல் கோடுபோல் சிறிது இரத்தம். வலியோ மூன்று மணி நேரம் நீடிக்கும். மூலமென்று நானே தீர்ப்பெழுதி, ஆறு மாதம் மூலக் களிம்பு தடவினேன். வலிக்கஞ்சி மலத்தை அடக்கினேன். அடக்கிய மலம் இறுகிற்று. இறுகியது புண்ணை மீண்டும் கிழித்தது.

மருத்துவர் கேட்ட முதற்கேள்வி, "ஐயா, வலி பெரிதா, இரத்தம் பெரிதா?" என்பதே. ஆசனவாயினுள் மெத்தைபோல் உள்ள இரத்தநாளத் திசு வீங்கிச் சரிவதே உள்மூலம். அவ்விடத்தில் வலியுணர்த்தும் நரம்பு இல்லை. ஆகவே பெரும்பாலும் வலியின்றியே இரத்தம் சொட்டும். வெளிமூலத்தில் இரத்தம் உறைந்தால் கடுமையாக வலிக்கும். ஆனால் அங்கே ஒரு கட்டி கையில் தட்டுப்படும். எனக்குக் கட்டியில்லை. பின்புற நடுக்கோட்டில் தோல் வெடித்திருந்தது.

வெடிப்பு ஏன் ஆறவில்லை? வலியினால் உள்சுருக்குத் தசை இறுகுகிறது. இறுக்கத்தால் அங்கே இரத்த ஓட்டம் குறைகிறது. எனவே தசையைத் தளர்த்துவதே மருத்துவம். அகன்ற பேசினில் வெதுவெதுப்பான நீர் நிரப்பி, நாளைக்கு மூன்று முறை, பத்து நிமிடம் அமர்ந்தேன். இரவில் இசப்கோல் உமியை ஒரு முழுத் தம்ளர் நீருடன் உண்டேன். நீரைக் குறைத்தால் உமியே அடைத்துக்கொள்ளும். மருத்துவர் எழுதித் தந்த 2 சதவீத டில்டியாசம் களிம்பை இருவேளை இட்டேன். இரண்டாம் வாரமே வலி குறைந்தது. களிம்பை நிறுத்த எண்ணினேன், அவர் விடவில்லை. ஏழாம் வாரத்தில் புண் ஆறியது. ஆறாதவர்களுக்குத் தசையில் ஊசி போடுவர், அல்லது தசையைச் சிறிது வெட்டுவர். வெட்டினால் சிலருக்கு வாயுவை அடக்கும் ஆற்றல் குறையக்கூடும்.

என் சிற்றப்பா மகனுக்கோ மெய்யாகவே மூலம். வெளியே சரியாமல் இரத்தம் மட்டும் கசிவது முதல் நிலை. சரிந்து தானே உள்ளே போவது இரண்டாவது. கையால் தள்ளவேண்டியது மூன்றாவது. தள்ளியும் போகாதது நான்காவது. அவனுடையது மூன்றாவது. மயக்க மருந்தின்றி, மருத்துவரின் அறையிலேயே, மூலத்தின் அடியில் சிறு ரப்பர் வளையம் மாட்டினார்கள். இரத்தம் செல்லாமல் திசு வாடி, ஒரு வாரத்தில் உதிர்ந்தது. அன்று சிறிது இரத்தம் கண்டு பயந்தான். அது எதிர்பார்த்ததே. ஆனால் காய்ச்சலும் மிகுந்த வலியும் வந்தாலோ, சிறுநீர் தடைப்பட்டாலோ அன்றே மருத்துவமனைக்கு ஓடவேண்டுமென்று முன்னமே எச்சரித்திருந்தனர்.

வெடிப்பு ஆறிய பின்னும் மருத்துவர் என்னை விடவில்லை. அறுபது கடந்தவனுக்கு இரத்தம் கண்டால் வெடிப்பின்மேல் பழிபோட்டு வாளாவிருக்கலாகாது, குடலில் புற்று இல்லையென்று காணவேண்டும் என்றார். பெருங்குடலினுள் குழாய் செலுத்திப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை.