பாதிக்குக் காப்பீடு, பாதி இழப்பீடு

2021 நவம்பரில் திருப்பதியில் கொட்டித் தீர்த்த மழையில் தெருக்கள் ஆறாயின. சுவர்ணமுகி பெருகியது, ராயலசெருவு ஏரிக்கரை உடையுமோ என்று கீழேயுள்ள ஊர்களை வெளியேறச் சொன்னார்கள். அப்படியொரு வெள்ளத்தில் வீடு முழுசாகப் போவது அபூர்வம். சுவர் ஊறும், கதவு உப்பும், வயரிங் கெடும். இந்தப் பாதிச் சேதத்தில்தான் ‘ஆவரேஜ்’ விதி கைவைக்கும்.

சித்தூரில் ஒரு வீட்டைத் திரும்பக் கட்ட 40 லட்சம் ஆகும் என்று வையுங்கள். பிரீமியத்தை மிச்சம் பிடிக்க, உரிமையாளர் 20 லட்சத்துக்கே காப்பீடு எடுக்கிறார். சேதம் 4 லட்சம். பாலிசித் தொகைக்குள்தானே இருக்கிறது, முழுசாகக் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. கம்பெனியின் கணக்கு வேறு: பாதி மதிப்புக்குத்தான் காப்பீடு, ஆகவே சேதத்திலும் பாதி, 2 லட்சம். மீதி அவர் தலையில்!

நல்லவேளை, 2021 ஏப்ரல் 1 முதல் வந்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில் வீட்டுக்கு இந்த வெட்டு கிடையாது. காப்பீட்டுத் தொகை வரை சேதத்தைத் தருவார்கள்.

ஆனால் அதே வீட்டின் கீழ்த்தளத்தில் கடை இருந்தால், அதற்கு அந்த முழுச் சலுகை இல்லை. சிறு தொழில்களுக்கான ‘பாரத் சூக்ஷ்ம உத்யம்’ பாலிசியில் 15 சதவீதக் குறைவு வரைதான் மன்னிப்பு. 10 லட்சம் சரக்கை 6 லட்சத்துக்குக் காட்டியிருந்தால், 3 லட்சம் நஷ்டத்துக்கு 1.80 லட்சம்தான்.

வீட்டுக்குத் தொகை குறிக்கும்போது மனையின் விலையைச் சேர்க்க வேண்டாம். இன்றைய கட்டுமானச் செலவை மட்டும் கணக்கிடுங்கள்.