மூச்சுக் குரலும் கரகரக் குரலும்

குஜராத்தியில் 'பார்' என்றால் பன்னிரண்டு. அதே சொல்லை மூச்சு கலந்து உச்சரித்தால் 'வெளியே' என்று பொருள். குரல்நாண்கள் முழுதாக மூடாமல் அதிர்வதால், இடைவெளி வழியே காற்று கசிகிறது; அதுவே மூச்சுக் குரல். நாண்கள் இறுக ஒட்டிக்கொண்டு, மெதுவாகவும் ஒழுங்கின்றியும் விட்டுவிட்டு அதிர்ந்தால் கரகரக் குரல். வாக்கியத்தின் கடைசியில் பலருக்கும் இது தானாகவே வந்துவிடும்.

காதுக்குப் புலப்படும் இந்த வேறுபாட்டை ஒலிப்பதிவில் எப்படி அளப்பது? ஆணின் குரல் நொடிக்கு 120 முறை அதிர்ந்தால், ஒலியில் 120, 240, 360 ஹெர்ட்ஸ் என அடுக்கடுக்காக இசையங்கள் இருக்கும். முதல் இசையத்தின் டெசிபல் அளவிலிருந்து இரண்டாவதன் அளவைக் கழிக்க வேண்டும். மூச்சுக் குரலில் நாண்கள் மெல்ல மூடுவதால் முதலாவது ஓங்கி நிற்கும். விடை பெரிதாக வரும். கரகரக் குரலில் அவை சட்டென மூடுவதால் விடை சிறுக்கும், சில நேரம் பூஜ்யத்துக்கும் கீழே போகும். டென்மார்க் ஒலியியலாளர் எலி ஃபிஷர்-யோர்கென்சன் 1967இல் குஜராத்தி உயிரொலிகளை இப்படி ஆராய்ந்தார்.

இதில் சிக்கலும் உண்டு. 'ஈ', 'ஊ' ஒலிகளில் வாயறையின் ஒத்ததிர்வு சுமார் 300 ஹெர்ட்ஸிலேயே அமைந்து, கீழ் இசையங்களைத் தூக்கிவிடும். அதனால் 'ஆ' ஒலியை அளப்பதே பாதுகாப்பு. மற்றவற்றுக்குத் திருத்தக் கணக்கு தேவை. சாதாரணத் தொலைபேசிப் பதிவு அறவே உதவாது. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை அது பெரிதும் வெட்டிவிடுகிறது. கரகரக் குரல் 50 ஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்கும்போது, 75இல் தேடத் தொடங்கும் மென்பொருள் அங்கே குரலே இல்லை என்று காட்டும். அப்போது அலைவடிவத்தைப் பெரிதாக்கி, துடிப்புகளின் இடைவெளியைக் கண்ணால் பார்த்தே அளக்க வேண்டியிருக்கும்.