தவறிப் போன மின்னஞ்சலுக்கு ஒரு பின்கடிதம்



2014-ஆம் ஆண்டு நவம்பர் 7. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஜி-20 உச்சி மாநாடு தொடங்க இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. அந்த நாட்டுக் குடிவரவுத் துறை ஊழியர் ஒருவர் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். மாநாட்டுக்கு வரவிருந்த 31 தலைவர்களின் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், விசா விவரம் எல்லாம் அதில் இருந்தன. ஒபாமா, புதின், மெர்கல், ஷி ஜின்பிங், நம் பிரதமர் மோடி ஆகியோரின் விவரங்களும் அவற்றில் அடக்கம். அந்த மின்னஞ்சல் போய்ச் சேர்ந்ததோ, ஆசியக் கோப்பைக் கால்பந்துப் போட்டியை நடத்தவிருந்த குழுவைச் சேர்ந்த ஒருவரிடம்.

யாரும் எதையும் திருடவில்லை. பெறுநர் பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டியதுமே மீதியை நிரப்பிவிடும் வசதி அவுட்லுக்கில் உண்டு. அது நிரப்பிய பெயர் சரிதானா என்று அனுப்பியவர் பார்க்கவில்லை. தவறு தெரிந்ததும் மேலதிகாரிக்குச் சொன்னார்கள். பெற்றவர் அந்த மின்னஞ்சலை அழித்தார். அழித்தவை சேரும் பெட்டியையும் காலிசெய்தார். அதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது. ஆனால் ஆபத்து மிகக் குறைவு என்று முடிவுகட்டி, அந்தத் தலைவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று துறை விட்டுவிட்டது. 2015 மார்ச் மாதம் கார்டியன் நாளிதழ் அதை வெளியிட்டபோதுதான் உலகத்துக்கே தெரியவந்தது.

ஒரு மின்னஞ்சல் தவறான ஆளுக்குப் போய்விட்டால் செய்ய வேண்டியவற்றில் பாதியை அந்தத் துறை செய்தது, பாதியை விட்டுவிட்டது. அந்த முழு வேலையையும் இன்று நம்மூர் அலுவலகம் ஒன்றில் வைத்துப் பார்க்கலாம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் பிரிவில் இருக்கும் பெண் ஒருவர் 140 தொழிலாளர்களின் சம்பளப் பட்டியலை எக்செல் கோப்பாக ஆடிட்டருக்கு அனுப்புகிறார். பெயர், வங்கிக் கணக்கு எண், ஆதார் எண், சம்பளத் தொகை எல்லாம் அதில் இருக்கின்றன. ஆடிட்டர் பெயர் கார்த்திகேயன். ‘கார்த்’ என்று அடித்ததும் திரையில் முதலில் வந்து நின்றவர் கார்த்திக். அவர் நூல் சப்ளை செய்யும் ஏஜென்ட். நேரம் காலை 11.20. ஆறு நிமிடம் கழித்து, அனுப்பியவை பட்டியலைப் பார்க்கும்போதுதான் கண்ணில் படுகிறது.

முதலில் தோன்றுவது, இதைத் திரும்ப இழுக்க முடியாதா என்பதுதான். ஜிமெயிலில் அனுப்பியவுடன் திரையின் கீழே Undo என்று ஒரு சொல் வரும். அதை அழுத்தினால் மின்னஞ்சல் நின்றுவிடும். உண்மையில் அது திரும்பி வருவதில்லை. அதுவரை கிளம்பவே இல்லை. நாம் அனுப்பு என்று சொன்ன பிறகும் ஜிமெயில் சில விநாடிகள் அதைத் தன்னிடமே வைத்திருக்கிறது. சாதாரணமாக 5 விநாடி. அமைப்புகளில் போய் 30 விநாடி வரை கூட்டிக்கொள்ளலாம். நான் எல்லோரிடமும் 30 வைக்கத்தான் சொல்வேன். அந்த அரை நிமிடம் கடந்துவிட்டால் ஜிமெயிலால் ஒன்றும் செய்ய முடியாது.

இதற்குக் காரணம் மின்னஞ்சலின் அடிப்படையிலேயே இருக்கிறது. ஒரு சர்வர் இன்னொரு சர்வரிடம் கடிதத்தை ஒப்படைப்பதற்கான விதிமுறை 1982-இல் வகுக்கப்பட்டது. பெறும் சர்வர் 250 என்ற எண்ணைப் பதிலாகச் சொன்னால், ‘வாங்கிக்கொண்டேன், இனி இது என் பொறுப்பு’ என்று பொருள். அதன் பிறகு ‘திருப்பிக் கொடு’ என்று கேட்க அந்த விதிமுறையில் ஒரு கட்டளையே கிடையாது.

அப்படியானால் அவுட்லுக்கில் இருக்கும் Recall This Message என்ன செய்கிறது? ஒரே நிறுவனத்தின் மைக்ரோசாஃப்ட் சர்வருக்குள் இருவரும் இருந்தால், அதே சர்வர் பெறுநரின் பெட்டியிலிருந்து அதை எடுத்துவிடுகிறது. அனுப்பியவை பகுதியில் அந்த மின்னஞ்சலைத் தனிச் சன்னலாகத் திறந்து, File, பிறகு Info என்று போனால் அந்தத் தேர்வு கிடைக்கும். முன்பெல்லாம் எதிராளி படிக்காமல் இருந்தால்தான் பலிக்கும். 2023-இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு, மைக்ரோசாஃப்டின் இணையச் சர்வரில் அஞ்சல் வைத்திருக்கும் நிறுவனங்களில் படித்த கடிதத்தையும் எடுக்க முடிகிறது. ஆனால் கடிதத்தைத்தான் எடுக்கலாம், படித்தது படித்ததுதான். நிறுவனத்துக்கு வெளியே போனதற்கு இது எதுவும் பொருந்தாது. பழைய அமைப்புகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. ‘இந்த மின்னஞ்சலைத் திரும்பப் பெற விரும்புகிறார்’ என்ற ஓர் அறிவிப்பு மட்டும் வெளியாளுக்குப் போய்ச் சேரும். அதுவரை கவனிக்காதவரும் அதைத் தேடித் திறந்து பார்ப்பார்.

நூல் ஏஜென்ட் வெளியாள். அதனால் இங்கே அந்தப் பொத்தான் வேண்டாம். ஒன்றை மட்டும் உடனே பார்க்க வேண்டும்: கோப்பு மின்னஞ்சலோடு இணைப்பாகப் போயிருக்கிறதா, அல்லது கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவற்றின் சுட்டியாகப் போயிருக்கிறதா? சுட்டி என்றால் நல்ல காலம். கோப்பு இன்னும் நம் கையில்தான் இருக்கிறது. பகிர்வு அனுமதியை நீக்கினால் சுட்டி திறக்காது. கோப்புக்குக் கடவுச்சொல் போட்டிருந்து, அதைத் தனியாக அனுப்புவது வழக்கம் என்றால், கடவுச்சொல்லை அனுப்பாமல் நிறுத்திவிடலாம். நம் கதையில் இரண்டும் இல்லை. வெறும் எக்செல் கோப்பு நேரடியாகப் போயிருக்கிறது.

அவர் செய்ய வேண்டிய முதல் வேலை, மேலாளரிடம் போய்ச் சொல்வது. மறைத்து வைத்துத் தானே சரிசெய்யப் பார்த்தால், பின்னால் சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லும் அதிகாரம் அவரிடம் இருக்காது. அடுத்து ஏஜென்டுக்கு ஒரு போன். ‘சார், உங்களுக்கு வரவேண்டாத ஒரு மெயில் வந்திருக்கும், திறக்க வேண்டாம், இப்போதே எழுத்திலும் அனுப்புகிறேன்’ என்று சொன்னால் போதும். போன் செய்வது வேகத்துக்கு. கடிதம் எழுதுவது பதிவுக்கு.

அந்தக் கடிதத்தைப் புதிதாக எழுதத் தொடங்க வேண்டும். தவறிப் போனதையே மறுபடி ஃபார்வர்டு செய்தால் இணைப்பும் கூடவே இரண்டாம் முறை போகும். தலைப்பில் சம்பளம், ஆதார், ரகசியம் போன்ற சொற்கள் வேண்டாம். போனில் அறிவிப்பு வரும்போது பக்கத்தில் இருப்பவர் கண்ணிலும் அது படும். ‘தவறி வந்த மின்னஞ்சல், அழித்துவிட வேண்டுகிறோம்’ என்பது போதுமான தலைப்பு. உள்ளே இப்படி எழுதலாம்:

“கார்த்திக் சார், வணக்கம். இன்று காலை 11.20-க்கு ‘செப்டம்பர் பட்டியல்’ என்ற தலைப்பில் எங்களிடமிருந்து உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருக்கும். அது வேறொருவருக்கு அனுப்ப வேண்டியது. முகவரியை நான் தவறாகப் போட்டுவிட்டேன். இணைப்பைத் திறக்காமல், இன்பாக்ஸிலிருந்தும் டிராஷிலிருந்தும் அதை அழித்துவிடுங்கள். கணினியிலோ போனிலோ இறக்கியிருந்தால் அந்தப் பிரதியையும் அழித்துவிடுங்கள். வேறு யாருக்காவது போயிருந்தால் யாருக்கு என்று தெரிவியுங்கள். முடித்ததும் ‘அழித்துவிட்டேன்’ என்று ஒரு வரி பதில் போடுங்கள். உங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு மன்னிக்கவும்.”

இதில் இருப்பவை ஒவ்வொன்றும் ஒரு காரணத்தோடுதான் இருக்கின்றன. நேரமும் தலைப்பும் இருப்பதால் அவர் நூறு கடிதங்களுக்கிடையே தேட வேண்டியதில்லை. டிராஷைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம், ஜிமெயிலில் அழித்தது 30 நாள் அங்கேயே கிடக்கும். யாருக்காவது அனுப்பினீர்களா என்ற கேள்வி சந்தேகமாகத் தொனிக்குமோ என்று பலர் தயங்கி விட்டுவிடுகிறார்கள். அதை விடக்கூடாது. தன் கணக்கருக்கு வந்ததென்று நினைத்து அவர் நல்லெண்ணத்தோடு அனுப்பியிருக்கலாம்.

இல்லாதவற்றையும் கவனியுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்ற விளக்கம் இல்லை. சட்ட நடவடிக்கை எடுப்போம் என்ற மிரட்டல் இல்லை. தவறு நம்முடையது, உதவி கேட்பதும் நாம்தான். மிரட்டினால் அவர் அழிக்க மாட்டார், வக்கீலிடம் காட்டுவதற்காகப் பத்திரப்படுத்தி வைப்பார். மன்னிப்பும் ஒரே வாக்கியம்தான். நான்கு வரி மன்னிப்புக்கு அடியில், என்ன செய்ய வேண்டும் என்பது புதைந்துபோகும்.

ஒருவேளை தவறிப் போனது ஐம்பது பேருக்கு என்றால், எல்லோரையும் மறைபிரதியில், அதாவது Bcc-இல் போட்டுத்தான் இதே கடிதத்தை அனுப்ப வேண்டும். இல்லையென்றால் அவர்களில் ஒருவர் Reply all அழுத்துவார், பழைய கடிதம் மறுபடி சுற்றத் தொடங்கும்.

இரண்டாவது கடிதம் ஆடிட்டருக்கு. அதையும் புதிதாகவே எழுத வேண்டும். தவறிப் போனதை அவருக்கு ஃபார்வர்டு செய்தால், முதலில் அது யாருக்குப் போனது என்ற முகவரி மேலேயே இருக்கும். பட்டியலுக்குக் கடவுச்சொல் போட்டு இணைத்து, கடவுச்சொல்லைப் போனில் சொல்லிவிடலாம்.

மூன்றாவதைத்தான் ஆஸ்திரேலியத் துறை எழுதாமல் விட்டது. சம்பளப் பட்டியலில் இருக்கும் விவரங்கள் கம்பெனியுடையவை அல்ல, அந்த 140 பேருடையவை. 2023-இல் இந்தியா இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தெரியாமல் வெளியே போனதையும் தரவு மீறல் என்றே வரையறுக்கிறது. பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும், தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. சட்டம் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது. வராவிட்டாலும் அவர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏனென்றால் தங்களைக் காத்துக்கொள்ள வேண்டியவர்கள் அவர்களே. கணக்கு எண்ணை மட்டும் வைத்து யாரும் பணத்தை எடுத்துவிட முடியாது. ஆனால் உங்கள் பெயர், கம்பெனி, கணக்கு எண், போன மாதச் சம்பளம் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி ஒருவர் வங்கியிலிருந்து பேசுவதாக அழைத்தால், ஓடிபி எண்ணைச் சொல்லிவிடத்தான் தோன்றும்.

ஆகவே தொழிலாளர்களுக்கு அவர்கள் பேசும் மொழியில் நான்கு வரி போதும்: இன்ன தேதியில் இன்ன விவரங்கள் தவறுதலாக வெளியாள் ஒருவருக்குப் போய்விட்டன, அழிக்கச் சொல்லியிருக்கிறோம், வங்கி என்று சொல்லி யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதீர்கள், சந்தேகம் வந்தால் இன்னாரிடம் கேளுங்கள். திருப்பூரில் இதை இந்தியிலும் ஒடியாவிலும் கூட எழுத வேண்டியிருக்கும். ஏஜென்டின் பெயர் அதில் வேண்டாம்.

ஏஜென்டிடமிருந்து பதில் வராவிட்டால்? மாலைக்குள் மறுபடி ஒரு போன். மறுநாளும் மௌனம் என்றால், அவரோடு நேரடியாகப் பழகும் கொள்முதல் மேலாளர் பேச வேண்டும். பதில் வந்தாலும் அது அவருடைய வாக்குதான், ஆதாரம் அல்ல. ஆகவே அந்தப் பதிலுக்காகக் காத்திருந்து தொழிலாளர்களுக்குச் சொல்வதைத் தள்ளிப்போடக் கூடாது.

கடைசியாக அந்தக் கணக்குப் பிரிவுப் பெண் தன் கணினியில் ஒரு வேலை செய்ய வேண்டும். அவுட்லுக்கில் ‘கார்த்’ என்று அடித்தால் விழும் பட்டியலில், ஏஜென்டின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி இருக்கும். அதை அழுத்தினால் அந்தப் பரிந்துரை போய்விடும். ஏஜென்டின் முகவரி தேவைப்படும் நாளில் முழுதாகத் தட்டச்சு செய்துகொள்ளலாம்.